கேளுங்கள், சொல்கிறோம்: தெலிஜ்ஜ எப்போது கள்ளாகிறது?

கேள்வி (தெல்தோட்டை): காலையில் வாங்கிய கித்துள் தெலிஜ்ஜவை மாமா மேசையிலேயே வைத்துவிட்டார். மாலையில் இரண்டு கிளாஸ் குடித்தார், பிறகு பழைய படப் பாட்டெல்லாம் பாட ஆரம்பித்துவிட்டார். “நான் குடித்தது இனிப்புத் தண்ணீர்தானே!” என்று சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

பதில்: சத்தியத்தை நம்புங்கள். காலையில் அவர் வாங்கியது இனிப்புத் தண்ணீர்தான். மாலையில் குடித்ததுதான் வேறு.

கித்துள் பூங்குலைக்குள் இருக்கும்வரை சாறு ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்கிறது. சீவிய வாயிலிருந்து வெளியே வந்ததும் காற்றிலும் கத்தியிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்டும் பக்டீரியாவும் அதில் குடியேறிவிடும். இனிப்பும் இதமான சூடும் கிடைத்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? சீனியைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். தடுப்பு எதுவும் செய்யாத சாறு வெக்கையான நாளில் சில மணி நேரத்திலேயே 1, 2 சதவீத மதுசாரத்தைத் தொடும். ஒரு நாள் கடந்தால் 5, 6 சதவீதத்துக்குப் போகும். அது பியரின் அளவு. மாமாவுக்குக் கிடைத்தது இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அடுத்த முறை பாட்டு வேண்டாமென்றால் வாங்கிய கையோடு குடித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (கலஹா): அப்படியானால் என் கதைக்கு என்ன சொல்வீர்கள்? மரத்தடியிலேயே நின்று, முட்டியை இறக்கியதும் குடித்தேன். அப்போதே புளிப்பு தட்டியது. இதைவிடப் புதிதாக எங்கே போய்க் குடிப்பது?

பதில்: முட்டி இறங்கிய நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். ஈஸ்ட் முதல் துளி விழுந்த நேரத்திலிருந்து போடுகிறது.

பொதுவாகக் காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் மரம் ஏறுவார்கள். மாலை ஆறு மணிக்குக் கட்டிய முட்டி காலை ஆறு மணிக்கு இறங்கினால், அதிலுள்ள கடைசித் துளிக்கு ஒரு நிமிட வயது, முதல் துளிக்குப் பன்னிரண்டு மணி நேர வயது. இரண்டும் ஒன்றாய்க் கலந்ததைத்தான் ‘இப்போதுதான் இறக்கியது’ என்று குடிக்கிறோம். அதிலும் இரவு முட்டிக்கு நம்ம மலைக் குளிர் காவல் நிற்கிறது. பகல் முட்டி வெயிலில் கிடக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் நொதிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே ஒரே மரத்தில் காலையில் இறக்கியது தேனாகவும் மாலையில் இறக்கியது புளிப்பாகவும் இருந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று முட்டி. நேற்றைய சாறு ஒட்டியிருந்த முட்டியைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி கட்டினால், தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்ற வேலை அது. பக்குவம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் முட்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைப்பார்கள், சீவும் கத்தியையும் துடைப்பார்கள். முட்டிக்குள் ஹல் மரப் பட்டைத் துண்டுகளைப் போடுவது நம்ம ஊர்ப் பக்குவம். பட்டையின் துவர்ப்புச் சத்து சாற்றில் இறங்கி ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும். அதுவும் தாமதம்தான் செய்யும், முழுதாக நிறுத்தாது. அதனால் வாங்கும் இடத்தில் ‘எத்தனை மணிக்கு இறக்கியது?’ என்று மட்டும் கேட்காமல் ‘எத்தனை மணிக்குக் கட்டியது, பட்டை போட்டதா?’ என்றும் கேளுங்கள்.

கேள்வி (கொடிகாமம்): நாங்கள் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கருப்பநீர் இறக்குகிறோம். உங்களுக்குப் பட்டை எதற்கு?

பதில்: உங்கள் வெயிலுக்குச் சுண்ணாம்புதான் சரி. அது சாற்றைக் காரமாக்கிவிடும், ஈஸ்டும் புளிப்பு பக்டீரியாவும் அதில் தலைதூக்க முடியாது. ஆனால் அளவு கூடினால் நாக்கு சொல்லிவிடும். சற்று நேரம் அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்தால் அடியில் படிந்த சுண்ணாம்பு பெரும்பாலும் நின்றுவிடும். கருப்பநீரில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்பதில் ருசியோடு கணக்கும் இருக்கிறது. மாங்காயின் புளிப்பு மிஞ்சிய காரத்தைச் சமன்செய்கிறது.

கேள்வி (பேராதனை): எனக்குச் சீனி வருத்தம். ‘இயற்கையான இனிப்பு, பயப்படாதீர்கள்’ என்று விற்பவர் சொல்கிறார். குடிக்கலாமா?

பதில்: இயற்கையானதுதான், சீனியும்தான். மரமும் பருவமும் பொறுத்து மாறினாலும் நல்ல சாற்றில் சீனி சுமார் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 200 மில்லிலீற்றர் கிளாஸில் 24 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. அதில் பெரும்பகுதி கடையில் வாங்கும் அதே சுக்ரோஸ். ஆறு கரண்டி போட்ட தேநீரை உங்கள் வைத்தியர் அனுமதிப்பாரா? அதே பதில்தான் இதற்கும். புளித்ததும் சீனி குறையும் என்று காத்திருந்தால், குறைந்த சீனிக்குப் பதிலாக மதுசாரம் வந்து நிற்கும்.

கேள்வி (கம்பளை): கொழும்பிலிருக்கும் தங்கைக்காகப் போத்தலில் இறுக்கி மூடிக் கொண்டுபோனேன். பாதி வழியில் பஸ்ஸுக்குள் மூடி பறந்து பக்கத்துக்காரர் சட்டையெல்லாம் நுரை. என்ன நடந்தது?

பதில்: அவருக்குச் சட்டை துவைத்துக் கொடுத்தீர்களா?

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் சாற்றில் 120 கிராம் சீனி. அதில் ஆறில் ஒரு பங்கு, வெறும் 20 கிராம் நொதித்தால்கூட ஏறக்குறைய 10 கிராம் மதுசாரம் உண்டாகிறது. கூடவே ஐந்து லீற்றர் அளவு வாயுவும் உண்டாகிறது. ஒரு லீற்றர் போத்தலில் ஐந்து லீற்றர் வாயு அடங்குமா? மொத்தச் சீனியும் மாறினால் மதுசாரம் கணக்குப்படி 8 சதவீதம் வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு போகாது. கொஞ்சம் சீனி மிஞ்சும், கொஞ்சம் புளிப்பாக மாறும், இரண்டு மூன்று நாளில் வினாகிரி வாடையும் சேரும்.

அடுத்த முறை இறக்கியதும் வடிகட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். போத்தலை முழுக்க நிரப்பாமல், மூடியை இறுக்காமல் கொண்டுபோங்கள். இந்தியாவில் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரத்திலேயே ஐஸ் பெட்டியைக் கட்டித் தென்னஞ்சாற்றைக் குளிராக இறக்க வழி செய்திருக்கிறது. குளிர் தூங்கவைக்கும், கொல்லாது. வெளியே எடுத்துச் சூடேறியதும் ஈஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேள்வி (கலஹா): தெலிஜ்ஜ வாங்கிக் கருப்பட்டி காய்ச்சினேன். எவ்வளவு நேரம் கிண்டினாலும் இறுகவேயில்லை, பிசுபிசுவென்று கிடக்கிறது. அடுப்பின் குற்றமா?

பதில்: அடுப்புக்கு வந்து சேரும் முன்பே காரியம் கெட்டுவிட்டது. நொதிக்கத் தொடங்கிய சாற்றில் ஈஸ்டும் புளிப்பும் சுக்ரோஸை இரண்டாக உடைத்துவிடும். உடைந்த சீனி பளிங்காகத் திரளாது, ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகவே நிற்கும். மதுசாரம் கொதியில் பறந்துவிடும், உடைந்த சீனி மறுபடி ஒட்டாது.

வாங்கும்போதே பாருங்கள். நல்ல சாறு கண்ணாடிக் கிளாஸில் தெளிவாகத் தெரியும். பால் கலந்ததுபோல் வெளுத்து, ஓரத்தில் பொடி நுரை விடாமல் ஏறிக்கொண்டிருந்தால் அது கருப்பட்டிக்கு ஆகாது. காது கொடுத்தால் மெல்லிய இரைச்சலும் கேட்கும். இப்போது கையிலிருப்பதைக் கருப்பட்டியாக்கப் போராடாதீர்கள். புளிப்பு தூக்கலாக இல்லையென்றால் சற்று இளக்கிப் பாணியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு லீற்றர் சாற்றுக்கு ஒரு லீற்றர் பாணி என்பது ஓரளவு சரியான கணக்கு. அதைவிடக் குறைவாகத் தேறினால் முட்டியிலேயே எவ்வளவு சீனி போனது என்று தெரிந்துகொள்ளலாம்.