எக்செல் இறைத்த தண்ணீர்

எங்கள் குடியிருப்பின் போர்வெல் நீர்மட்டத்தைச் செயலாளர் எக்செலில் வரைபடமாகப் போட்டார். ஜனவரி 6, 13, 20 தேதிகளில் அளந்தவர், அப்புறம் ஏப்ரல் 21 அன்றுதான் மறுபடி கயிறு விட்டார். நீர் இருந்த ஆழம் 60 அடியிலிருந்து 95 அடிக்குப் போயிருந்தது. மூன்று மாத இறக்கம் வரைபடத்தில் ஒரே வாரத்தில் நடந்திருந்தது. உடனே அவசரக் கூட்டம், பக்கத்து மனைக்காரர் மேல் சந்தேகம், டேங்கர் லாரிக்கு முன்பணம்.

குற்றவாளி புள்ளிதான். 06.01.2025 என்று நம் வழக்கப்படி எழுதினால், இந்திய அமைப்பிலுள்ள எக்செல் அதைத் தேதியாக மதிக்காது. வெறும் எழுத்து என்று கட்டத்தின் இடப்பக்கம் ஒதுக்கிவிடும். எழுத்துக்கு ஏது நாள் கணக்கு? எல்லாவற்றையும் சம தூரத்தில் உட்கார வைத்துவிடும். Text to Columns-இல் Date: DMY கொடுத்ததும் தேதிகள் வலப்பக்கம் நகர்ந்தன, கோடும் சாய்வு குறைந்து சாதுவானது.

அடுத்து, அளக்காத வாரங்களையும் சேர்த்தார். பார்வைக்குக் காலியாக இருக்கட்டுமென்று ஒரு சூத்திரம்:

```
=IF(B5="","",B5)
```

பார்வைக்குத்தான் காலி. வரைபடம் அதைச் சுழியமாகப் போட்டது. ஆழம் 0 அடி! பிப்ரவரி, மார்ச் முழுக்க வாசலில் ஊற்றுப் பொங்கியிருக்கிறது, கவனிக்கத்தான் ஆளில்லை. இரண்டாவது "" இருந்த இடத்தில் NA() போட்டதும் ஊற்று வற்றியது. டேங்கர்காரர் முன்பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.