ஆதிமனிதன் இல்லாத முன்னுரை

நாடகத்தைப் பற்றிய கட்டுரைக்கு எழுதப்படும் முன்னுரைகளில் ஒரு வகை உண்டு. அதில் முதலில் வருபவன் ஆதிமனிதன். பின்னால் சமுதாயம் வரும், அதற்குப் பிறகு உலகம் வரும். நாடகத்தின் பெயர் மூன்றாம் வாக்கியத்தில்தான் தலைகாட்டும். ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ பற்றி, அதாவது 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் அச்சாகி அதே மாதம் 21ஆம் தேதி அங்கேயே மேடையேறிய நாடகத்தைப் பற்றி, “நோராவின் நிலையை ஆராய்க” என்று கேட்டால் இந்த வகை முன்னுரை பெரும்பாலும் இப்படி அமையும்:

“மனித இனம் தோன்றிய நாள் முதல் பெண் ஆணுக்கு அடிமையாகவே இருந்து வந்திருக்கிறாள். எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் சமுதாயம் அவளுடைய உணர்வுகளை மதித்ததில்லை. இந்த உலகளாவிய உண்மையை உலகப் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் இப்சன் தம் ஒப்பற்ற படைப்பான ‘பொம்மை வீடு’ வாயிலாகப் படம்பிடித்துக் காட்டுகிறார். அதனை இக்கட்டுரையில் காண்போம்.”

இதில் எழுத்துப்பிழை இல்லை, கருத்தும் நல்ல கருத்துதான். முதல் வாக்கியத்தை நிரூபிக்க மட்டும் குகைக்குள் போய்ச் சாட்சி கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்கு எல்லா நாடுகளும் எல்லா நூற்றாண்டுகளும் தேவைப்படும். நான்கு பக்கக் கட்டுரையில் இரண்டுக்கும் இடம் கிடையாது என்பது எழுதியவருக்கும் தெரியும், திருத்துபவருக்கும் தெரியும். ஆகவே இருவரும் அந்த வாக்கியங்களைப் பார்க்காதது போல நடந்துகொள்கிறார்கள். ‘காண்போம்’ என்ற பன்மையில் சேர்க்கப்பட்ட திருத்துபவர் அதற்குள் அடுத்த பத்திக்குத் தாவியிருப்பார்.

இப்படி எழுதுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமல்ல. கட்டுரையின் வாதம் என்ன என்று முடிவாகாத நேரத்தில்தான் முன்னுரை எழுதப்படுகிறது. தாள் வெறுமையாக இருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. மேடையில் பேச்சு கைவசம் இல்லாதவர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பது போல, பேனாவும் மனிதகுலத்தைத் தட்டிப் பார்க்கிறது. பொருள் சின்னது, ஒரு வீட்டுக் கூடத்தில் நடக்கும் குடும்பச் சண்டை, அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இத்தகைய வாக்கியத்தை அடையாளம் காண நாடகத்தின் பெயரை மாற்றிப் பார்ப்பது பழைய வழி. ‘பொம்மை வீடு’ இருந்த இடத்தில் வேறு நாடகத்தின் பெயரைப் போட்ட பிறகும் முன்னுரை சிறிதும் முகம் சுளிக்காமல் நின்றால், அது எந்த நாடகத்துக்கும் உரியது அன்று. இப்சன் விஷயத்தில் இதைவிடக் கடுமையான சோதனை ஒன்றும் உண்டு. நோரா வீட்டைவிட்டு வெளியேறும் முடிவை ஜெர்மனியில் ஒரு நடிகை நடிக்க மறுத்தபோது, வேறு யாராவது கைவைப்பதற்கு முன் தாமே செய்துவிடுவது மேல் என்று இப்சன் 1880இல் இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா தூங்கும் குழந்தைகளைப் பார்க்கிறாள், போகாமல் தங்கிவிடுகிறாள். ஒரு முடிவில் போகிறாள், மற்றதில் இருக்கிறாள். மேலே உள்ள முன்னுரையோ இரண்டுக்கும் ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்துகிறது. கதாநாயகி போனாளா இருந்தாளா என்பதே பொருட்டாக இல்லாத முன்னுரை நாடகத்தைப் படித்ததற்குச் சான்றாகாது.

மாற்று வழி நாடகத்துக்குள்ளேயே கிடக்கிறது. நோராவைப் பற்றிப் பெரிதாக என்ன சொல்லலாம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, மேடையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளையோ செயலையோ பிடித்துக்கொள்ள வேண்டும். ‘பொம்மை வீட்டில்’ அப்படிப்பட்டவை நிறைய. கணவனுக்குத் தெரியாமல் தின்னும் இனிப்பு, கிறிஸ்துமஸ் மரம், அவள் ஆடிப் பழகும் டாரண்டெல்லா நடனம் என்று எதைத் தொட்டாலும் கட்டுரை நகரும். இங்கே தபால் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் அதைவிடச் சாதுவான பொருள் கிடையாது. அவ்வளவு கலவரத்துக்கும் காரணமான பொருளும் வேறு கிடையாது.

நோரா சில ஆண்டுகளுக்கு முன் கணவன் டோர்வால்ட் ஹெல்மரின் உடல்நலத்துக்காக இத்தாலி போக வேண்டி, அவருக்குத் தெரியாமல் 4,800 குரோனர் கடன் வாங்கியிருக்கிறாள். பத்திரத்தில் ஜாமீனாகத் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29, கையெழுத்தின் கீழே உள்ள தேதி அக்டோபர் 2. இந்த மூன்று நாள் இடைவெளியைக் கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் கண்டுபிடித்துவிட்டான். வங்கியில் அவன் வேலையை ஹெல்மர் பறித்ததும், எல்லாவற்றையும் கடிதமாக எழுதி ஹெல்மர் வீட்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறான். பெட்டியின் கண்ணாடி வழியே கடிதம் தெரிகிறது. சாவி ஹெல்மரிடம் இருக்கிறது. அவர் பெட்டிப் பக்கம் போகப் பார்க்கும்போதெல்லாம் நோரா நடன ஒத்திகை என்று சொல்லிப் பிடித்து நிறுத்துகிறாள். மூன்றாம் அங்கத்தில் ஒருவழியாகப் பெட்டியைத் திறக்கும் ஹெல்மர், பூட்டில் முறிந்து கிடக்கும் கொண்டை ஊசியைப் பார்த்துத் திகைக்கிறார். குழந்தைகள் செய்திருக்கும் என்கிறாள் நோரா.

கட்டுரை எழுதுபவர் பலர் இந்த இடத்தோடு மகிழ்ந்துபோய் “தபால் பெட்டி பெண்ணடிமையின் சின்னம்” என்று எழுதிவிடுவார்கள். குகையை விட்டு வெளியே வந்தவர் மறுபடி அதன் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். இன்னும் சில பக்கம் படித்தால் வேறொன்று அகப்படும். அன்று இரவே இரண்டாவது கடிதம் வருகிறது. பத்திரத்தைத் திருப்பி அனுப்பி க்ரோக்ஸ்டாட் எழுதியது. அது பெட்டிக்குள் விழவில்லை. அம்மாவுக்குக் கடிதம் என்று சொல்லி வேலைக்காரி கையிலேயே கொண்டுவருகிறாள். ஹெல்மர் அதை வாங்கி, நோராவிடம் தராமல் தாமே பிரித்துப் படித்து, தாம் தப்பித்துவிட்டதாகக் கூவுகிறார். தன் கதி என்ன என்று நோரா கேட்ட பிறகுதான் அவளும் தப்பியது அவர் நினைவுக்கு வருகிறது. அவள் வெளியேறும் நேரத்தில் கடிதம் எழுதலாமா என்று அவர் அனுமதி கேட்கிறார், அவள் கூடாது என்கிறாள். மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முன்னுரை தானே உருவாகிவிடும்:

“‘பொம்மை வீடு’ நாடகத்தில் ஹெல்மர் வீட்டுத் தபால் பெட்டியின் சாவி ஹெல்மரிடம் இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் உள்ளே கிடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தும் நோராவால் அதை எடுக்க முடியவில்லை. ஆனால் மூன்றாம் அங்கத்தில் அவள் பெயருக்கே வரும் கடிதத்துக்குப் பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. அதையும் ஹெல்மரே வாங்கிப் படிக்கிறார். வீட்டுக்கு வரும் எதையும் முதலில் படிப்பவர் கணவர் என்ற வழக்கம்தான் பூட்டைவிட வலுவாக அவளைக் கட்டியிருந்தது என்பதை இந்த இரண்டு கடிதங்களும் காட்டுகின்றன. இனி கடிதமே வேண்டாம் என்று அவள் சொல்வதை அந்த வழக்கத்தை அவள் முறித்துக்கொள்ளும் இடமாகக் கொள்ளலாம்.”

இந்தப் பத்தியில் நாடகத்தின் பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. முதல் நான்கு வாக்கியங்களையும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்க முடியும். ஐந்தாவதுதான் வாதம், அதை ஒருவர் மறுக்கவும் முடியும். ஹெல்மர் அன்று கடிதத்தைப் பிடுங்கியது ஆத்திரத்தில் நடந்த காரியம், அதை எப்படி வழக்கம் என்பது என்று ஒரு வாசகர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, ஆத்திரம் வருவதற்கு முன்பே சாவி யாரிடம் இருந்தது என்று காட்ட வேண்டும். குடும்ப நண்பர் டாக்டர் ராங்க் தம் மரணத்தை அறிவிக்கும் விதமாகக் கறுப்புச் சிலுவை போட்டுப் பெட்டியில் விட்டுப் போன அட்டைகளைக்கூட முதலில் எடுத்துப் பார்ப்பவர் ஹெல்மர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுரையின் அடுத்த இரண்டு பத்திகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆதிமனிதனோடு தொடங்கிய முன்னுரையை இப்படி மறுக்க எவரும் முன்வர மாட்டார்கள், அதனாலேயே அடுத்த பத்தியில் அதற்கு எந்த வேலையும் இருப்பதில்லை.

பொதுமையைக் கண்டு பயந்தவர்கள் எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு. இப்சன் 1828இல் ஷியென் என்ற ஊரில் பிறந்தார் என்று தொடங்கி, குடும்பம் நொடித்தது, மருந்துக்கடையில் வேலை பழகியது என்று போனால் வாக்கியங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கும். நோரா வந்து சேரும்போது மட்டும் பக்கம் முடிந்திருக்கும். கதைச் சுருக்கத்தோடு தொடங்குவதும் இந்த ரகம்தான். திருத்துபவருக்குக் கதை தெரியும்.

நாடகத்துக்கு வெளியே உள்ள பொதுச் செய்தி எதுவுமே கூடாது என்றும் இல்லை, எல்லை குறித்திருந்தால் போதும். மனைவி கணவனின் சம்மதமின்றிக் கடன் வாங்க முடியாது என்று முதல் அங்கத்தில் நோராவின் தோழி லிண்டே அம்மாள் அவளிடம் சொல்கிறாள். நார்வேயில் மணமான பெண்ணுக்குச் சட்டப்படி சுயமாகச் செயல்படும் தகுதி 1888இல்தான், நாடகம் வந்து 9 ஆண்டுகள் கழித்துத்தான், கிடைத்தது. இதற்கு ஒரு நாடு உண்டு, ஒரு தேதியும் உண்டு. நோரா ஏன் இரகசியமாகக் கடன் வாங்கினாள் என்பதையும் இது விளக்குகிறது. முன்னுரையில் இதற்கு ஒரு வாக்கியம் தாராளமாக ஒதுக்கலாம்.

விடாப்பிடியான மாணவர் கடைசியாக இப்சனையே சாட்சிக்கு அழைப்பார். 1898இல் நார்வே பெண்ணுரிமைச் சங்கம் நடத்திய விருந்தில், தாம் பெண்ணுரிமைக்கென்று திட்டமிட்டு எழுதவில்லை, மனிதர்களைச் சித்திரிப்பதே தம் வேலை என்ற பொருளில் இப்சன் பேசியது உண்மை. ஆசிரியரே மனிதகுலம் என்று சொல்லிவிட்ட பிறகு மாணவர் சொல்லக் கூடாதா என்று இதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் அது நாடகம் வந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு, தம்மைப் பாராட்ட வந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசிய பேச்சு. அதைப் பயன்படுத்த விரும்பினால் ஆண்டையும் இடத்தையும் குறிப்பிட்டுக் கட்டுரையின் நடுவில் வைக்கலாம். மனிதர்களைத்தான் எழுதினேன் என்றவர் அந்தப் பெட்டிச் சாவியை ஏன் ஹெல்மரிடம் கொடுத்து, நோரா கையில் கொண்டை ஊசியைக் கொடுத்தார் என்ற கேள்விக்கும் அதே பத்தியில் பதில் எழுத வேண்டியிருக்கும்.