புதன்கிழமை மூன்றாம் பாடவேளைக்கான மாற்று ஏற்பாடுகள்

தலைமையாசிரியர் புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஆறாம் வகுப்புக் கணிதத்தைப் பார்வையிட வருகிறார். இந்தச் செய்தி திங்கட்கிழமையே ஆசிரியருக்கு வந்துவிடும். ரெய்டுக்கு வருகிறோம் என்று முந்தாநாளே கடைக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடும் அதிகாரியை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் கல்விசார் மேற்பார்வை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களில் எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு. விகிதம் 68.54. இந்த மாவட்டத்தில் ஒரு வகுப்பறைக்குள் நாற்பது நிமிடம் என்ன நடக்கிறது என்று ஒருவர் போய் உட்கார்ந்து பார்ப்பதைவிட அவசரமான வேலை இருக்க முடியாது. அதனால்தான் அந்த நாற்பது நிமிடத்தை நாடகமாக்கி வைத்திருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பாடக்குறிப்பேட்டைத் திறப்போம். மூன்றாம் பருவம், பின்னங்கள், வேற்றினப் பின்னங்களை ஒப்பிடுதல். கற்றல் விளைவு, முன்னறிவு, ஊக்குவித்தல், துணைக்கருவி, வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி என்று எல்லாக் கட்டமும் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவில் நிறைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்பார்ட்டின் சீடர்கள் ஜெர்மனியில் வகுத்த படிநிலைகள் பி.எட். கல்லூரி வழியாக நல்லம்பள்ளி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கட்டங்களில் குறையில்லை. குறை இருப்பது கடைசிப் பக்கத்தில், 'மாற்று ஏற்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ்.

மின்சாரம் போனால் ஸ்மார்ட் போர்டுக்குப் பதில் சார்ட். தலைமையாசிரியர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், அவர் உள்ளே நுழைந்ததும் ஊக்குவித்தலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகள் அதே பதிலை அதே உற்சாகத்தோடு சொல்வார்கள், நேற்றே சொல்லி வைத்தாயிற்று. அவர் சீக்கிரமே எழுந்து போகிற மாதிரி தெரிந்தால் உடனே மதிப்பீட்டுக்குத் தாவ வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பெற்றோரோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம் திரும்பி வந்த பையன் முன்வரிசையில் உட்கார்ந்தால், குடிநீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்த்து வர அவனை அனுப்ப வேண்டும்.

எழுதி வைத்த பக்கத்தில் இந்தக் கடைசி வரி இருக்காது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். 'மெல்லக் கற்போர்' என்ற கட்டத்தில் 'தனிக்கவனம் செலுத்தப்படும்' என்று எழுதியிருக்கிறார்களே, அந்தத் தனிக்கவனம் இதுதான்.

ஆக, இந்த ஏற்பாடுகள் அத்தனையும் நாற்காலியில் உட்காரப்போகும் ஒருவருக்காக. தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. இந்தப் பாடத்தில் என்ன ஆகும் என்பது கணக்கு நடத்திய எவருக்கும் தெரிந்ததுதான். 1/3 பெரிதா, 1/5 பெரிதா என்று கேளுங்கள். "அஞ்சுதாங்க டீச்சர் பெருசு" என்று பாதி வகுப்பு சொல்லும். அது முட்டாள்தனம் அல்ல. ஐந்து வருடமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எண்களில் ஐந்து மூன்றைவிடப் பெரியதுதான். பின்னத்தில் பகுதி பெருகினால் துண்டு சிறுக்கும் என்ற இடத்தில் அந்தப் பழைய அறிவு காலை வாரிவிடுகிறது. பாடமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பார்வையிடும் நாளில் கேட்கப்படும் கேள்வி என்ன தெரியுமா? 1/4 பெரிதா, 3/4 பெரிதா? வகுப்பே சேர்ந்து "முக்கால்!" என்று கத்தும். ஒன்றைவிட மூன்று பெரிது என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கும் அந்த விடை சரியாகவே வரும். தப்பாக யோசித்தாலும் சரியாகவே விடை வரும் கேள்விகளாகப் பொறுக்கி அடுக்குவதுதான் மாதிரிப் பாடத்தின் தொழில் ரகசியம். பார்வையாளர் குறிப்பேட்டில் 'மாணவர் பங்கேற்பு மிக நன்று' என்று விழும்.

சார்ட்டையும் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறம் தீட்டிய வட்டம் எலுமிச்சை அளவு. பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தீட்டியது சாப்பாட்டுத் தட்டு அளவு, அழகாக இருக்கட்டும் என்று. கண்ணால் பார்க்கிற பிள்ளை ஐந்தில் ஒன்றுதான் பெரியது என்று சத்தியம் செய்யும். முழுமை சமமாக இல்லாவிட்டால் ஒப்பீடே கிடையாது என்பது இந்தப் பாடத்தின் முதல் விதி. அதை மீறிய சார்ட்டுக்குத் 'துணைக்கருவி' கட்டத்தில் டிக்.

மாற்று ஏற்பாடு என்று உண்மையிலேயே எழுத நினைத்தால் அதற்குச் செலவு ஒரு பழைய செய்தித்தாள். முதல் ஐந்து நிமிடத்தில் 1/3, 1/5 கேள்வியைக் கேட்டு, பதிலைக் கத்தவிடாமல் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மேல் தவறு என்றால், மீ.பொ.ம. கண்டுபிடிக்கும் பகுதியை அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். குறுக்குப் பெருக்கல் பக்கமே போகக் கூடாது. அது விடையைக் கொடுத்துவிட்டுக் குழப்பத்தை அப்படியே மூடி வைக்கும் வித்தை. செய்தித்தாளில் 30 செ.மீ. நீளத்தில் ஆளுக்கு இரண்டு பட்டை. ஒன்றை 10 செ.மீ. வீதம் மூன்றாகக் கோடு போட்டு வெட்டு, மற்றதை 6 செ.மீ. வீதம் ஐந்தாக வெட்டு. துண்டோடு துண்டை வைத்துப் பார். ஏன் சிறுத்தது என்று பக்கத்திலிருப்பவனுக்குச் சொல். பெங்களூரிலிருந்து வந்தவன் வீட்டில் பேசுவது கன்னடமாக இருந்தாலும் கத்தரிக்கோலுக்கு மொழி வேண்டாம். அவனைத் தொட்டிக்கு அனுப்பவும் வேண்டாம்.

முதல் கேள்விக்கே எல்லாரும் சரியாக எழுதிவிட்டால் அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: 3/4 பெரிதா, 4/5 பெரிதா? "ரெண்டுலயும் ஒண்ணுதான் குறையுது, ரெண்டும் சமம்" என்று கெட்டிக்காரர்களே மாட்டுவார்கள். குறைவது ஒன்று எதில்? நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று. இரண்டில் எது சின்னத் துண்டு என்று பட்டையைக் கையில் எடுத்தால் வழி திறந்துவிடும். மணியடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் 2/3, 4/9. நான்கும் ஒன்பதும் பெரிய எண்கள் என்று ஏமாந்தவர் யார் யார் என்பது அந்தச் சீட்டிலேயே தெரியும். மறுநாள் பாடம் அந்தச் சீட்டிலிருந்து தொடங்கும்.

இப்படி நடந்த வகுப்பு பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். தரையெல்லாம் காகிதம், பாதிப் பேர் தவறாக எழுதிய சிலேட்டு, முடிக்காத பாடம். நான் பார்த்த மேற்பார்வைப் படிவங்களில் இதற்கு மதிப்பெண் இல்லை. பாடக்குறிப்பு உண்டா, கரும்பலகையில் தேதி உண்டா, துணைக்கருவி உண்டா, வகுப்பு அமைதியாக இருந்ததா? ஒரு பிள்ளை தப்பாக யோசித்ததை ஆசிரியர் கண்டுபிடித்தாரா என்ற கட்டத்தை எந்தப் புண்ணியவானும் அச்சடிக்கவில்லை. அந்தக் கட்டம் இல்லாதபோது தவறைக் காட்டுகிற ஆசிரியர் ஏமாளி, தவறை ஒளிக்கிறவர் நல்லாசிரியர்.

தலைமையாசிரியரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. முட்டைக் கணக்கு, எமிஸ் பதிவேற்றம், சைக்கிள் வழங்கல் என்று அவர் கழுத்துவரை முங்கிக் கிடக்கிறார். இருபது நிமிடம் உட்கார்வதே அவருக்கு ஓய்வு. ஆனாலும் அந்த இருபது நிமிடத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து மூன்றாவது வரிசைக்குப் போய், ஒரே ஒரு பிள்ளையிடம் "ஏம்ப்பா அது பெருசு?" என்று கேட்டிருந்தால் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவின் சாயம் அங்கேயே வெளுத்திருக்கும். அவரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலை எங்கே எழுதுவது? படிவத்தில் கட்டம் இல்லையே.

புதன்கிழமை அவர் எழுதிவிட்டுப் போன குறிப்பு: "சிறப்பு. சார்ட் இன்னும் பெரிதாக இருக்கலாம்." சார்ட் பீரோவுக்குள் போய்விட்டது, அடுத்த பார்வைக்கு. தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்ல வந்த பையனை, பாடம் முடிந்துவிட்டது போய் உட்கார் என்றார்கள்.