சென்னை தெரிகிறது, இறங்க முடியவில்லை

புயலும் விமானமும் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி கடலூர் மாவட்டத்திலிருந்து. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக மீனம்பாக்கம் வாசலில் காத்திருந்த அனுபவம் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. எல்லாக் கேள்விகளும் 2024 நவம்பர் 30-ஐத்தான் சுற்றுகின்றன. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய நாள் அது.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு விவசாயி: 2011-இல் தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதன் பக்கத்தில் ஃபெஞ்சல் காற்று ஒன்றுமே இல்லை. அதற்குப் போய் சென்னை விமான நிலையத்தை மூடலாமா?

தானே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. ஃபெஞ்சல் 70 முதல் 80, இடையிடையே 90. அதுவும் புதுச்சேரியில், சென்னையில் இன்னும் குறைவு. மரத்துக்குக் காற்றின் வேகம்தான் கணக்கு. விமானத்துக்கோ காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, தரையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் கணக்கு.

சென்னையின் பெரிய ஓடுதளத்துக்கு 07 என்று ஒரு முனையில் எழுதியிருக்கும். வடக்கிலிருந்து வலப்பக்கமாக 70 பாகை திரும்பி நிற்கிறது, அதாவது கிட்டத்தட்ட கிழக்கு பார்த்து, என்று பொருள். நம் வங்கக்கடல் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றி, நடுவை நோக்கி உள்ளே இழுபடும். புயலின் நடு சென்னைக்குத் தென்கிழக்கே கடலில் இருந்தால், சென்னையில் காற்று ஏறத்தாழ வடக்கிலிருந்து வீசும். கிழக்கு பார்த்து இறங்கும் விமானத்துக்கு அது இடது விலாவில் அடிக்கும் பக்கக்காற்று.

விமானி கையில் வரும் வானிலைச் செய்தி எப்படியிருக்கும் என்பதற்கு நானே எழுதிய ஒரு மாதிரி:

```
VOMM 300700Z 01030G40KT 1000 +RA
```

VOMM என்பது சென்னை விமான நிலையத்தின் குறி. அடுத்தது 30-ஆம் தேதி, உலகப் பொது நேரம் 7 மணி. நமக்குப் பகல் 12.30. காற்று 010 பாகையிலிருந்து 30 நாட், இடையிடையே 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). பார்வை 1,000 மீட்டர், கனமழை. ஓடுதளத்துக்கும் காற்றுக்கும் இடையே 60 பாகை. அதன் சைன் 0.87. அப்படியென்றால் பக்கக்காற்று 26 நாட். வீச்சு வரும் நொடிகளில் 35.

ஏர்பஸ் 320 வகை விமானம் வீச்சையும் சேர்த்து 38 நாட் பக்கக்காற்றில் இறங்கிக் காட்டப்பட்டிருக்கிறது. 35 அதற்குள்தானே என்று தோன்றும். ஆனால் 38 என்பது உலர்ந்த அல்லது வெறுமனே நனைந்த ஓடுதளத்துக்கு. 3 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கிவிட்டால் அதே விமானத்துக்கு வரம்பு 20 நாட் அளவுக்கு இறங்கிவிடும். நம் மாதிரிக் கணக்கில் சாதாரணக் காற்றே 26. முடிந்தது கதை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஈரத்தில் ஓடும் சக்கரம் ஒரு வேகத்துக்கு மேல் தண்ணீரைப் பிளக்காமல் அதன் மேலேறி வழுக்கும். அந்த வேகத்துக்கு விமானிகள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கு. 200 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு 127 நாட் வரும். விமானம் தரையைத் தொடுவது ஏறக்குறைய 135-இல். தொட்ட முதல் நொடிகளில் சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லை. பக்கக்காற்றோ வாலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பலாமரம் நின்ற காற்றில் விமானம் இறங்க முடியாமல் போவது இதனால்தான்.

சிதம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அன்று மும்பையிலிருந்து வந்த விமானம் தரையை ஒட்டி வந்து தள்ளாடி, மறுபடி மேலே ஏறிய காணொளியைப் பார்த்தேன். விமானி தவறு செய்துவிட்டாரா?

தரையை ஒட்டி வந்த பிறகும் ஏறிப்போக அவர் மனத்தைத் தயாராக வைத்திருந்தார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். எந்த இறக்கத்துக்கும் முன்னால் இரு விமானிகளும் மேலேறும் முறையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். தரைக்கு 1,000 அடி உயரத்துக்குள் வேகமும் பாதையும் இறங்கும் விகிதமும் நிலைப்பட்டிருக்க வேண்டும். பிறகு கலைந்தால் விசையை முழுதாகத் தள்ளி ஏறிவிட வேண்டும். சக்கரம் தொட்ட பிறகுகூட ஏறலாம். எஞ்சினின் எதிர்விசையை இயக்கிவிட்டால் மட்டும் நின்றே ஆக வேண்டும்.

அத்தனை தாழ்வில் தள்ளாடுவதற்குக் காரணம் உண்டு. எதிர்க்காற்று 20 நாட்டிலிருந்து சட்டென்று 5-க்கு விழுந்தால், இறக்கைமேல் ஓடும் காற்றில் 15 நாட் ஒரே நொடியில் காணாமல் போகிறது. விமானம் பொத்தென்று அமிழும். 3,000 அடியில் அமிழ்ந்தால் சரிசெய்ய இடமிருக்கிறது. 30 அடியில் இல்லை.

பண்ருட்டியிலிருந்து: புயலுக்கு மேலே பறந்துவிட முடியாதா?

35,000 அடியில் விலகியும் இடி மேகங்களைச் சுற்றியும் போகிறார்கள். பயணிகளுக்குத் தெரிவதுகூட இல்லை. சிக்கல் கடைசி 3,000 அடியில். அதைத் தாண்டாமல் யாரும் ஊருக்கு வர முடியாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது, நெய்வேலியிலும் ஓடுதளம் இருக்கிறது. அங்கே இறக்கினால் எங்கள் பிள்ளைகள் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார்களே?

ஆசை நியாயமானது ஐயா. ஆனால் புதுச்சேரி ஓடுதளம் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற இறக்கைவிசிறி விமானங்களுக்குப் போதும். சென்னையின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டருக்கு மேல். நெய்வேலியுடையது சிறிய விமானங்களுக்கானது. அதோடு அன்று புயல் குறிவைத்ததே புதுச்சேரியைத்தான். சென்னையைத் தவிர்த்தவர் புயலின் வாய்க்குள்ளேயே போய் இறங்க முடியுமா?

மாற்று நிலையம் பக்கத்தில் இருப்பதைவிட அதே வானிலையில் மாட்டாமல் இருப்பது முக்கியம். கடலோரப் புயலென்றால் உள்நாட்டுப் பக்கம் ஒதுங்குவார்கள். பெங்களூரு, திருச்சி, கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று வரிசை வரும். பெங்களூருவையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. ஃபெஞ்சல் கரையேறிய பிறகு மேற்கே நகர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகப் போய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. இன்றைய மாற்று நிலையம் நாளை மழைப்பாதையில் வந்துவிடும். அதனால் புறப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் அந்த நேரத்து முன்னறிவிப்பை வைத்துப் புதிதாகத் தேர்வு நடக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய்: என் மகன் வளைகுடாவிலிருந்து வந்தான். சென்னைக்கு மேலே சுற்றாமல், நேராகப் பெங்களூரு போய்விட்டது விமானம். கொஞ்சம் காத்திருந்து பார்த்திருக்கக் கூடாதா?

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் எரிபொருள் தொட்டியில் இருக்கிறது. அதை நிமிடங்களாக மாற்றிச் சொல்கிறேன்.

ஏர்பஸ் 320 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ எரிபொருள் குடிக்கும். சென்னைக்கு மேலே வரும்போது தொட்டியில் 4,000 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் கடைசி 30 நிமிடங்களுக்கானதைத் தொடவே கூடாது. எங்கே இறங்கினாலும் அது மிச்சம் இருந்தாக வேண்டும். அது 1,200 கிலோ. பெங்களூரு போய் இறங்க இன்னொரு 1,600 கிலோ, அதாவது 40 நிமிடம். மீதி 1,200. சென்னை வானத்தில் விமானிக்குச் சொந்தமானது அந்த 30 நிமிடம் மட்டுமே.

அந்த 30 நிமிடத்தில் ஒருமுறை இறங்கப் பார்த்து மேலேறினால், சுற்றி வந்து வரிசையில் நிற்க 15 நிமிடம் போய்விடும். முழு விசையில் ஏறுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் எரியும். இரண்டாம் முயற்சிக்கு மேல் கணக்கு இடம் தராது. காத்திருந்தால் காற்று அடங்குமா என்றால், சுருக்கமான இடிமழை 20 நிமிடத்தில் கடக்கும், அதற்குக் காத்திருப்பதில் பொருள் உண்டு. புயல் அப்படியில்லை. ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் புதுச்சேரியருகே மணிக்கணக்கில் நகராமல் நின்றது.

உங்கள் மகன் வந்த வழியில் இன்னொரு வசதியும் இருந்தது. வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் பாதையில் பெங்களூரு முன்னதாகவே வந்துவிடுகிறது. சென்னை மூடிவிட்டது என்று தெரிந்த விமானி அதைத் தாண்டி வந்து திரும்புவது இரட்டைச் செலவு. சிங்கப்பூரிலிருந்து கடல் மேல் வருபவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் திருச்சியையோ கொழும்பையோ முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

முந்திக்கொள்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சென்னை மூடினால் எல்லோரும் பெங்களூருக்குத்தான் ஓடுவார்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலன்று முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கே திருப்பிவிடப்பட்டன. முதலில் போனவருக்கு நிறுத்த இடமும் எரிபொருள் வண்டியும் கிடைக்கும். கடைசியில் போனவர் வானத்திலேயே வரிசையில் நிற்க நேரலாம். ஒதுக்கிய எரிபொருளின் விளிம்பு நெருங்கினால் விமானி 'மினிமம் ஃப்யூயல்' என்று கட்டுப்பாட்டறைக்குச் சொல்வார். இனித் தாமதம் தாங்காது என்று பொருள். அந்தக் கடைசி 30 நிமிடத்திலேயே கைவைக்க வேண்டிவரும் என்று கணக்கு காட்டினால் 'மேடே ஃப்யூயல்'. அது ஆபத்து அறிவிப்பு. முன்னதாகவே பெங்களூருக்குத் திரும்பியவர் இந்த இரண்டு சொற்களையும் சொல்ல வேண்டிய நிலைக்குத் தன்னை வரவிடவில்லை.

மீண்டும் மேல்பட்டாம்பாக்கம், ஓர் இளைஞர்: இறங்குவதும் ஏறுவதும் விமானி முடிவு என்றால், நிலையத்தையே ஏன் மூட வேண்டும்?

தரையில் நிற்பவர்களுக்காக. காற்று 40 நாட்டைத் தாண்டினால் பொதுவாக ஏர்பஸ்ஸின் சரக்குக் கதவைத் திறக்கக் கூடாது. ஏணி வண்டி உருண்டு இறக்கையில் மோதும், காலிப் பெட்டி வண்டிகள் ஓடும். மின்னல் வெட்டும்போது எரிபொருள் நிரப்புவதையும் நிறுத்துவார்கள். நிற்கும் விமானம்கூடச் சும்மா நிற்காது. வால் காற்றைப் பிடித்து முகத்தைத் திருப்பப் பார்க்கும். அதனால் முடிந்தவற்றை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்துக்குக் கட்டை வைத்துக் கட்டுகிறார்கள். தண்ணீர் வேறு. சென்னையின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோது, அரக்கோணத்திலுள்ள கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து: திருச்சியில் இறக்கினால் அங்கேயே இறங்கி ஊருக்குப் பஸ் பிடிக்கலாமா?

தூரத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சென்னையைவிடத் திருச்சியே பக்கம். ஆனால் விமானம் அங்கே நிற்பது எரிபொருள் நிரப்பி மறுபடி சென்னைக்குக் கிளம்பத்தான். இறங்க விடுவதா என்று விமான நிறுவனம் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவரென்றால் குடியேற்றமும் சுங்கமும் அங்கேயே முடிய வேண்டும். உங்கள் பெட்டி சரக்கறையில் எந்த மூலையில் இருக்கிறதோ, அதைத் தேடி எடுக்க ஆளும் நேரமும் வேண்டும். விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டால் நிலைமை மாறும். அந்த விமானம் வேறு விமானிகள் வரும்வரை கிளம்பாது, அப்போது இறங்கச் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். விமானம் நின்றதும் பணியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, விமானிகளுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பணிநேரம் பாக்கியிருக்கிறது என்பதைத்தான்.