மன்னிச்சுடு மச்சான் 🙏

இவரை நீங்கள் பேருந்தில் பார்த்திருக்கலாம். கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கும், புருவம் நெரிந்திருக்கும். பங்குச்சந்தையில் பணம் போட்டவரல்ல. பால்ய சிநேகிதனின் பிறந்தநாளைக் கோட்டை விட்டவர்.

விஷயம் தெரிந்ததே மறுநாள் ராத்திரிதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் வெட்டும் படம். ஸ்டேட்டஸின் ஆயுள் 24 மணி நேரம். இவர் கண்ணில் பட்டது அது உயிரை விடப்போகும் தறுவாயில். பார்த்ததோடு போகவில்லை. பார்த்தவர் பட்டியலில் இவர் பெயரும் ஏறிவிட்டது. இனி “ஊர்ல இல்லடா” என்று கதை விட முடியாது.

“சாரிடா மச்சான்” என்று நிமிடத்தில் அடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: பொம்மை தேர்வு.

முதலில் மூன்று 🙏🙏🙏. வாசித்துப் பார்த்தால் வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்பது மாதிரி இருக்கிறது. அழித்தார். 😭 போட்டார். அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, “சித்தப்பா, நாங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கத்தான் இதைப் போடுவோம்” என்றாள். அதுவும் போச்சு. 😅 போட்டால், மாட்டிக்கொண்டவன் வழிவது அப்பட்டமாகத் தெரிகிறது. 2018இல் வந்த அந்தக் கண் கலங்கிய 🥺 கொஞ்சம் தேவலை. ஆனால் நாற்பத்தைந்து வயசுக்காரர் அதை அனுப்பினால் கைமாத்துக் கேட்கிறார் என்று நினைத்துவிடுவான். 🎂? வெட்டித் தின்று, தட்டும் கழுவியாகிவிட்டது.

கடைசியில் சிவப்பு இதயம். எழுத்தோடு சேர்த்தால் கடுகளவு. தனியாக அனுப்பினால் பெரிதாகி, திரையில் துடிக்கும். இந்த நுணுக்கம் இவருக்குத் தெரியும். ஆகவே மன்னிப்பு ஒரு செய்தி, இதயம் ஒரு செய்தி. அனுப்பிய பிறகு “மச்சான்” அதிகப்படியோ என்று தோன்ற, “நண்பா” என்று திருத்தினார். திருத்த 15 நிமிடம்தான் அவகாசம்; அதற்குள் மறுபடி “மச்சான்” ஆக்கினார். செய்தியின் ஓரத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று விழுந்ததை மட்டும் துடைக்க முடியவில்லை. மனசிலிருந்து வந்ததாகச் சொன்ன மன்னிப்புக்குப் பிழைதிருத்தம் நடந்திருப்பது ஊரறிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இத்தனை பாடுபடுவதற்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவன் நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டுவான், கணக்கு தீர்ந்துவிடும். ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பயந்துதானே இவ்வளவும்!

எதிர்முனையிலோ நண்பன் நெடுநேரமாக ‘டைப்பிங்’, ‘டைப்பிங்’ என்று வந்து வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ துக்கச் செய்தி என்று பயந்தே போய்விட்டான். வந்ததைப் படித்தான். ஒற்றை 👍 அனுப்பிவிட்டுத் தூங்கப் போனான்.

நம்மவர் தூங்கவில்லை. அந்தக் கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு நண்பனுக்கு அனுப்பினார்: “இது கோவமாடா, இல்ல சும்மாவா?”