பேராண்டி போட்ட காசித் திட்டம்

ஏலே பேராண்டி, நீ எழுதின தாளைக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சேன். ஜனவரி 10 சாயங்காலம் சென்னையில ரயில் ஏறி, 12 விடியக்காலை 5 மணிக்குப் பிரயாகை. 7 மணிக்குச் சங்கமத்துல முங்கல். 9 மணிக்குக் காசிக்கு அடுத்த வண்டி. பலே! உங்க ஆச்சி வெத்தலை இடிக்கிறதுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கேன்னுதான் தெரியலை.

நம்மூர்ல மார்கழின்னா பஜனையும் பொங்கலும். அங்க மூடுபனிலே. வண்டி நத்தையா ஊரும், நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் தாமதம்னா யாரும் வாயைத் திறக்க மாட்டான். 5 மணி வண்டி 11 மணிக்கு வந்தா, 9 மணி வண்டி உனக்காகத் துண்டை விரிச்சு உக்காந்திருக்குமா? பேசாம அன்னைக்கு ராத்திரி பிரயாகையிலயே தங்கு. காசி அங்கருந்து 120 கிலோமீட்டர்தான்; ரயில் போனா பஸ்சு, பஸ்சு போனா காரு. தப்பவிடக் கூடாதது 22ஆம் தேதி சென்னைக்குத் திரும்புற வண்டிதான். அதுக்கு மாத்து கிடையாது. நீயோ அன்னைக்குக் காலையிலதான் கயாவிலருந்து காசிக்கு வர்றதா எழுதி வச்சிருக்கே. முந்தின நாளே வந்து படு.

டிக்கெட்டை எல்லாம் ஒரே நாள்ல எடுத்துருவேன்னு சொன்னியாமே, கெட்டிக்காரன்தான்! ஏறுற நாளை விட்டுட்டு 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் திறக்கும். போறதுக்கு நவம்பர் 11 காலை 8 மணி. 22ஆம் தேதி வண்டிக்கு நவம்பர் 23. ரெண்டு நாளும் அலாரம் வச்சு எந்திரி. நீ எந்திரிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும், உங்கம்மாகிட்டயும் சொல்லி வை.

இன்னொன்னு பாத்தேன், சிரிப்பு வந்துட்டு. கயா வண்டி 17ஆம் தேதி 00:20. நீ 17 ராத்திரி வரைக்கும் காசியில ரூம் போட்டிருக்கே. 00:20ன்னா 16ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டே ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்லே. 17 ராத்திரி நீ போய் நின்னா, வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. ஆச்சிகிட்டயும் கேக்காதே.

பதிமூணு நாள் திட்டத்துல சும்மா இருக்க ஒரு நாள்கூட இல்லை. ரெண்டு ராத்திரி காலைத் தொங்கப் போட்டு உக்காந்து வந்தா ஆச்சிக்குக் கால் வீங்கிரும். அந்தக் காலோட காசி படித்துறையில ஏறி இறங்கச் சொல்லுதியே, அவ உன்னைத்தான் கங்கையில முக்குவா. அதோட, அந்தக் குளிர்ல துவைச்ச சேலை ஒரு நாள்ல காயாது. 14ஆம் தேதியைக் காலியா விடு. அவகிட்ட ஓய்வுன்னு சொல்லாதே, "எனக்கென்ன கிழடா தட்டிருச்சு"ன்னு கிளம்பி நிப்பா. சேலை காயணும்னு சொல்லு, மொட்டை மாடியில வெயிலைப் பாத்து உக்காந்துக்கிடுவா.