திரைப்படம் எடுக்கும் பெரியப்பா

கம்ப்யூட்டர் கெட்டால் அதைப் போட்டோ எடுத்து அனுப்பும் பெரியப்பா ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். திரையில் வந்திருப்பதைப் படித்துச் சொல்ல மாட்டார். "இங்கிலீஷ்ல ஏதோ நாலு வரி வந்திருக்குடா தம்பி. வாட்ஸாப்ல போட்டிருக்கேன், பாத்துச் சொல்லு" என்று போனை வைத்துவிடுவார். விண்டோஸே எழும்பாத நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியில்லை என்பதால், போட்டோ எடுத்ததைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் படத்தில் முதலில் தெரிவது டியூப்லைட். அடுத்தது பெரியப்பா. பனியன், நெற்றி நிறைய விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் ராகுகாலம்கூடப் படிக்கும்படி இருக்கும். படிக்க முடியாதது எரர் மட்டும்தான்.

போன முறை வந்த படத்தில் நீலத் திரையும் 0xc000000 வரையும் தெரிந்தன. கடைசி எழுத்தின் மேலும், கீழே இருந்த விளக்க வரியின் மேலும் டியூப்லைட் நீட்டிப் படுத்திருந்தது. என் வேலை முழுக்க அந்தக் கடைசி எழுத்தில்தான் இருந்தது. அது e என்றால் விண்டோஸ் தேடும் டிஸ்க்கே அதன் கண்ணில் படவில்லை. கேபிளைப் பார்க்க வேண்டும். f என்றால் டிஸ்க் இருக்கிறது, எழுப்பிவிட வேண்டிய பைல் காணோம். ரிப்பேர் செய்ய விண்டோஸ் பென்டிரைவைத் தேட வேண்டும்.

"பெரியப்பா, லைட்டை அணைச்சிட்டு எடுங்க."

"லைட்டை அணைச்சா இருட்டுல எப்படிடா விழும்? ஏற்கெனவே பத்தாதுன்னு பிளாஷ் வேற போட்டேன்."

ஐம்பது வருஷமாக அவர் கற்ற போட்டோ சாஸ்திரத்தில் வெளிச்சம் இல்லாமல் படம் கிடையாது. மானிட்டர் தானே வெளிச்சம் தருகிற பொருள். வெளியிலிருந்து அடிக்கும் ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பி எழுத்தைத்தான் மறைக்கும். பிளாஷ் கூடாது; எதிரே இருக்கும் ஜன்னலை மூட வேண்டும்; டிவியை அணைக்க வேண்டும். வெள்ளைப் பனியனும் ஒரு விளக்குதான், அதற்கு மேல் ஒரு கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அணைத்தார். அடுத்த படத்தில் டியூப்லைட் போய், திரை முழுக்க வானவில் நெளிந்தது.

"மானிட்டரும் போச்சுடா, கலர் கலரா கோலம் போடுது!"

மானிட்டருக்கு ஒன்றுமில்லை. திரையில் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கேமரா சென்சாரிலும் அப்படியே. இரண்டு கொசுவலையை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எந்த வலையிலும் இல்லாத அலை ஒன்று தெரியுமே, அதே கதைதான். மோய்ரே என்பார்கள். படத்தில் பதிந்துவிட்டால் பிறகு நீக்குவது பெரும்பாடு, எடுக்கும்போதே தவிர்க்க வேண்டும். தூரமோ கோணமோ கொஞ்சம் மாறினாலும் அலையும் மாறும். அதனால் இரண்டடி பின்னால் போய், போனில் 2x லென்ஸ் இருந்தால் அதை வைத்து, போனை லேசாகச் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். அலை அடங்கும் இடம் ஒன்று கிடைக்கும். ஒருபக்கமாகத் தள்ளி நின்றால் பெரியப்பாவின் பிம்பமும் திரையை விட்டு நகரும். சில சமயம் அலை போனின் சின்னத் திரையில் மட்டும் தெரியும், படத்தில் இருக்காது. எடுத்ததை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

மூன்றாவது படத்தில் அலை இல்லை, ஆனால் எழுத்துகள் வெள்ளை வெள்ளையாய் ஊதிக் கிடந்தன. இருட்டறையைப் பார்த்த போன், பரிதாபப்பட்டு வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. எழுத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுக்கச் சொன்னேன். "சூரியனையே இறக்கிட்டேன்டா" என்று பதில் வந்தது. கூடவே படமும். கடைசி எழுத்து e.

சிபியூ பெட்டியைத் திறந்தார்கள். டிஸ்க்குக்குப் போகும் டேட்டா கேபிள் பாதி கழன்றிருந்தது. முந்தின நாள் பெட்டிக்குள் தூசி தட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை, பெரியம்மா சொன்னார்கள்.

இப்போது பெரியப்பா தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும் போய், முதலில் லைட்டை அணைக்கிறார். ஒரு நொடி தோன்றி மறையும் எரர் என்றால் வீடியோ எடுத்து, அந்த இடத்தில் நிறுத்திக் காட்டுகிறார். வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஷட்டரை 1/60 அல்லது 1/30க்கு மாற்றுங்கள் என்று சொல்லித்தர வேண்டும், இன்னும் துணியவில்லை.

பெரியப்பாமார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தை வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் கொண்டுவந்து தரும், e எது f எது என்று மறுபடி சந்தேகம் வந்துவிடும். டாக்குமென்ட் என்று இருப்பதைத் தொட்டு, அதன் வழியாக அனுப்புங்கள்.